முன்பின் தெரியாதவர் போனில் ஒரு ஜமக்காளம்

காசு கட்டி ஒரு போஸ்ட்டைப் புது ஆட்களுக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்தியதும் படிக்கிற ஆள் மாறிவிடுகிறார். எழுதிய வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது. காசு கொடுத்துப் போடும் போஸ்ட்டுகள் பலவற்றில் காசு வீணாவது இந்த இடத்தில்தான்.

ஈரோடு, பவானி, பெருந்துறை வட்டாரத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "இந்த போஸ்ட்டுக்கு நல்லா லைக் வந்துச்சுங்க, அதான் பூஸ்ட் போட்டேன். ஆனா ஒண்ணும் வியாபாரம் ஆகலீங்க." அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் மற்ற போஸ்ட்டுகளைவிட இது நன்றாகப் போகிறது, பூஸ்ட் செய்யுங்கள் என்று செயலியே வந்து சொல்கிறது. ஆனால் அந்த லைக்கெல்லாம் யார் போட்டது? ஏற்கெனவே வாங்கியவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். அவர்களுக்குக் கடையும் தெரியும், ஆளும் தெரியும். வாசகத்தில் விட்டுப்போனதையெல்லாம் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். பூஸ்ட் போட்ட பிறகு அதே போஸ்ட் தாம்பரத்திலோ திருச்சியிலோ பஸ்ஸில் போகிற ஒருவருடைய போனில் போய் நிற்கிறது. அவர் எதையும் கேட்கவில்லை, தேடவில்லை. பெயருக்குக் கீழே விளம்பரம் என்ற குறிப்பு வேறு இருக்கிறது.

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஓர் அக்காவுக்கு எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலேயே குழித்தறி இருக்கிறது, அக்கம்பக்கத்தில் நெய்கிறவர்களிடமும் வாங்கி விற்கிறார். அவர் சென்னைக்குப் பூஸ்ட் போட்டிருந்த வாசகம் இது:

"நம்ம கடையில புது ஸ்டாக் வந்தாச்சு!! நீங்க எல்லாரும் கேட்டுட்டே இருந்த கலர்ஸ் இப்போ ரெடி!! கல்யாண சீசன் ஆஃபர், முந்துங்கள்!! விலைக்கு டிஎம் பண்ணுங்க."

பழகியவர்களுக்கு இது அருமையான வாசகம், ஒரு குறையும் இல்லை. தெரியாதவர் கண்ணால் ஒரு முறை படித்துப் பாருங்கள். நம்ம கடை என்றால் யாருடைய கடை? புது ஸ்டாக் என்றால் எதில்? நான் எந்தக் கலரும் கேட்கவில்லையே? ஆஃபர் என்றால் முன்பு என்ன விலை? ஜமக்காளம் என்ற சொல் அந்த வாசகத்தில் எங்குமே இல்லை. படத்தில் இருக்கிறதே என்றார் அக்கா. படத்தில் மடித்து அடுக்கிய கோடுபோட்ட துணி இருந்தது. போர்வையா, மேஜை விரிப்பா, தரையில் போடுவதா என்று பார்த்ததும் சொல்ல முடியாது.

அவருக்கு வந்த மெசேஜ்களைக் காட்டச் சொன்னேன். நான் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான். ரீச் எவ்வளவு, லைக் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். "இது என்னங்க?" "பெட்ஷீட்டா?" "எந்த ஊர்?" "விலை?" "விலை?" "விலை சொல்லுங்க." "சென்னையில கடை இருக்கா?" "சாயம் போகுமா?" விலையைச் சொன்னதும் பாதிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். பாவம், ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அதையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத்தனை பேர் கேக்கறாங்கள்ல தம்பி, அப்ப விளம்பரம் நல்லாத்தானுங்க போயிருக்குது?"

"இல்லீங்க்கா. வாசகத்துல இல்லாததைத்தான் இத்தனை பேர் கேட்டிருக்காங்க."

இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒவ்வொன்றும் விட்டுப்போன ஒரு வரி. ஆனால் எல்லாப் பதிலையும் வாசகத்தில் அடைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் கேள்விகளை மூன்றாகப் பிரிக்கிறேன். பதில் தெரியாவிட்டால் ஆள் அடுத்த போஸ்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார் என்றால் அது வாசகத்தின் தலையில் வர வேண்டும். ஆசை வந்த பிறகு எழும் சந்தேகம் என்றால் அதற்குக் கீழே. வாங்குவது என்று முடிவான பிறகு கேட்பது வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். அக்காவுடைய கேள்விகளில் இது என்ன, என்ன விலை, என் ஊருக்கு வருமா என்ற மூன்றும் தலைக்குப் போயின. சாயம், துவைப்பது, ஏமாற்றுகிறார்களா என்ற பயம் எல்லாம் கீழே. எந்தெந்தக் கலர் இருக்கிறது என்பது வாட்ஸ்அப்புக்கு.

தலை என்று நான் சொல்வது ரொம்பச் சின்ன இடம். விளம்பர வாசகத்துக்கு, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா வெகுநாளாகச் சொல்லிவந்த அளவு சுமார் 125 எழுத்து. அதற்கு மேல் போனால் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடலாம். தமிழுக்கு அந்த 125 இன்னும் குறைவு. பவானி ஜமக்காளம் என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கணினி துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும், அதனால் அதற்கு இடைவெளியோடு சேர்த்து 15. உண்மையில் போனில் வெட்டு விழுவது எழுத்துக் கணக்கைவிட வரிக் கணக்கில்தான். தமிழ்ச் சொற்கள் அகலமானவை, இரண்டு மூன்று வரியில் பத்துப் பன்னிரண்டு சொல்தான் நிற்கும். இன்ஸ்டாகிராமில் கணக்கின் பெயருக்குப் பின்னால் அதே வரியிலேயே வாசகம் தொடங்குவதால், நீளமான பெயர் வைத்திருப்பவர்களுக்கு முதல் வரியில் பாதி போய்விடும். ரீல்ஸில் தெரிவது ஒரே வரி. அதனால் கணினியில் எழுதி அழகு பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கும் அம்மாவின் போனில், முன்னோட்டம் பார்த்தால்தான் எங்கே வெட்டுகிறது என்று தெரியும்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு சொல்லில் என்ன எழுதுவது? அக்காவின் மகன் கல்லூரியில் படிக்கிறார். அவர் ஒன்று எழுதி வைத்திருந்தார். "பாரம்பரியமும் தரமும் சங்கமிக்கும் பவானியின் பெருமை!" சங்கமேஸ்வரர் கோயில் ஊர் என்பதால் சங்கமிக்கும் என்று போட்டிருக்கிறார். ரசித்தேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. பாரம்பரியம் என்ற சொல்லை இந்தப் பக்கம் செக்கெண்ணெய்க்காரர் போடுகிறார், முறுக்குக்காரர் போடுகிறார், நெய்க்காரர் போடுகிறார். புதிதாகப் பார்ப்பவருக்கு அதிலிருந்து விற்கிற பொருள் என்ன என்றே தெரியாது.

தெரியாதவருக்குப் பொருளைக் காட்ட வேண்டும் என்றால், அவர் வீட்டில் அது எங்கே கிடக்கும் என்று காட்டுவதுதான் சுருக்கு வழி. அக்காவிடம் 6×9 அடி ஜமக்காளத்தை விரிக்கச் சொல்லி, அவர் வீட்டாரையே எதிரெதிராக உட்கார வைத்துப் பார்த்தோம். ஒன்பதடிப் பக்கத்தில் மூன்று பேர், எதிர்ப்பக்கம் மூன்று பேர், ஆளுக்கு மூன்றடி. நடுவில் இலை போட இடம் மிச்சம் இருந்தது. 6×9 அடி என்று எழுதினால் சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு மனதில் ஒன்றும் விரியாது. ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது நினைவுக்கு வரும். கடைசியில் தலையில் நின்றது இது:

"ஆறு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பவானி கைத்தறி ஜமக்காளம், 6×9 அடி, ₹2,350, கூரியர் உள்பட."

மேலும் என்பதை யாரும் தொடாவிட்டாலும் என்ன பொருள், எந்த ஊர், என்ன அளவு, என்ன விலை என்று எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். விலையை எழுதத்தான் அக்கா ரொம்ப யோசித்தார்.

"விலையைப் போட்டா பாத்துட்டு ஓடீருவாங்க தம்பி. பேச்சுக் குடுத்தாத்தான வாங்குவாங்க."

கடைக்கு வருகிறவரிடம் அது சரி. இறங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்தவர் விலையைக் கேட்டதும் எழுந்து போய்விட மாட்டார். டீ வேறு கொடுத்திருப்போம். போனில் இருப்பவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மெசேஜ் வர வேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பூஸ்ட் போட்டால், மெசேஜ் அனுப்பக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் மெட்டா காட்டும். வாங்குகிறவர் யார் என்று அதற்குக் கவலையில்லை, நாமும் அதைக் கேட்கவில்லை. அப்படியிருக்க, வாங்காத ஆளைத் தடுக்க நம்மிடம் இருப்பது வாசகம் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுக் காட்டினால் புரியும். ஒரு நாளைக்கு 300 ரூபாய் வீதம் ஐந்து நாள், 1,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,770. விலை போடாத வாசகத்துக்கு 60 மெசேஜ் வந்து இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை போட்ட வாசகத்துக்கு 25 மெசேஜ்தான், ஆனால் ஐந்து பேர் வாங்குகிறார்கள். செயலியில் பார்த்தால் முதலாவது ஒரு மெசேஜுக்கு 25 ரூபாய், இரண்டாவது 60 ரூபாய் என்று காட்டும். முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஜிஎஸ்டியோடு சேர்த்து ஆர்டருக்கு வகுத்தால் முதலாவது 885 ரூபாய், இரண்டாவது 354. ஒரு ஜமக்காளத்தில் என்ன நிற்கும் என்று அக்காவுக்குத் தெரியும், 885 ரூபாயைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கூரியர் உள்பட என்பதும் அப்படித்தான். பொருள் கனமானது, கூரியர் செலவு சின்னத் தொகை இல்லை. விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் கூரியர் தனி என்று சொன்னால், முதல் பேச்சிலேயே விலை ஏறுகிறது என்ற எண்ணம் வந்துவிடும். பழக்கமான வாடிக்கையாளர் அதைப் பொறுத்துக்கொள்வார். முகம் தெரியாதவர் அதோடு சரி.

இனி 'மேலும்' தொட்டவர். இவர் பாதி வந்துவிட்டார், ஆனால் பயம் இருக்கிறது. ஆன்லைனில் காசு கட்டிப் பொருள் வராமல் போன கதை எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். இந்தப் பயத்துக்கு '100% ஒரிஜினல்', 'நம்பிக்கையான நிறுவனம்' என்றெல்லாம் எழுதினால் சந்தேகம் கூடத்தான் செய்யும், ஏமாற்றுகிறவனும் அதையேதான் எழுதுகிறான். அவரே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக ஏதாவது கொடுக்க வேண்டும். அக்காவிடம் தறி இருக்கிறது. அதனால் இப்படி எழுதினோம்:

"எங்கள் வீட்டுக் குழித்தறியிலும் அக்கம்பக்கத்துத் தறிகளிலும் நெய்தது. காலை 11 முதல் 1 மணிக்குள் வீடியோ கால் செய்தால் தறியையும், உங்களுக்கு வரப்போகும் ஜமக்காளத்தையும் காட்டுகிறோம். பவானி கூடுதுறைக்கு வந்தால் நேரிலும் பார்க்கலாம். பருத்தி நூல். முதல் இரண்டு முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், கொஞ்சம் சாயம் விடும். நிழலில் உலர்த்துங்கள்."

இதில் அக்காவுக்கு உறுத்திய வரி சாயம் விடும் என்பது. நம் வாயாலேயே ஏன் சொல்ல வேண்டும் என்றார். சாயம் போகுமா என்று கேட்டவர்களுக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிலைத்தான் நான் எடுத்துப் போட்டிருந்தேன். அங்கே சொல்வதை இங்கே சொன்னால் பொருள் கைக்கு வந்த பிறகு சண்டை வராது. அதோடு, குறையையும் சேர்த்துச் சொல்கிற கடையில் மற்றதும் உண்மையாக இருக்கும் என்று படிப்பவருக்குத் தோன்றும். வீடியோ கால் நேரத்தை எழுதியதற்கும் காரணம் உண்டு. எப்போது வேண்டுமானாலும் என்று எழுதியிருந்தால் சமையல் நேரத்தில் கால் வரும், எடுக்க மாட்டார், எழுதிய சொல் பொய்யாகிவிடும்.

புவிசார் குறியீடு பற்றியும் பேச்சு வந்தது. பவானி ஜமக்காளத்துக்கு அந்தக் குறியீடு 2005-06இலேயே கிடைத்துவிட்டது. தலையிலேயே போடலாமா என்றார் மகன். சட்டப்படி அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த உற்பத்தியாளர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் எங்கள் ஜமக்காளம் குறியீடு பெற்றது என்று கடைக்காரர் போடக் கூடாது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று ஊர்ப் பெருமையாகச் சொல்லும்போதும் கவனமாக இருக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டோம். பதிவு செய்த பிறகு கீழ்ப்பகுதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. முன்பின் தெரியாதவரை நெடுநாள் தெரிந்தவர்போலக் கூப்பிடும் பழக்கம் ஒன்று விளம்பரங்களில் இருக்கிறது. "முதுகு வலியால் அவதிப்படுகிறீர்களா?" "கடனில் தவிக்கிறீர்களா?" படிப்பவருடைய நோய், பண நிலை, மதம் போன்றவற்றைத் தெரிந்துவைத்திருப்பதுபோல எழுதினால் மெட்டாவின் விதிப்படி விளம்பரம் நிராகரிக்கப்படும். அதே வாசகம் காசு கட்டாமல் போட்ட போஸ்ட்டாக எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும், பூஸ்ட் போடும்போதுதான் மாட்டும். காங்கேயம் பக்கத்துச் செக்குக்காரர்களும் கருப்பட்டிக்காரர்களும் அடிக்கடி சிக்குவது இதில்தான். "சர்க்கரை நோயாளியா நீங்கள்?" என்று தொடங்குவார்கள். அவர்களுக்கு வேறு தொல்லையும் உண்டு. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடுக்கின்றன. விதியை விடுங்கள், தெரியாத ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குச் சர்க்கரையா என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்?

கடைசி வரியில் ஒரே ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். ஃபாலோ பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, கால் பண்ணுங்க, கடைக்கு வாங்க என்று நான்கும் எழுதினால் ஒன்றும் நடக்காது. "உங்கள் ஊர் பின்கோடை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எத்தனை நாளில் வரும் என்று சொல்கிறோம்" என்று போட்டோம். ஆறு இலக்கம் அனுப்புவது சின்ன வேலை. ஆனால் பின்கோடு அனுப்புகிறவர் பொருள் தன் வீட்டுக்கு வருவதை நினைத்துப் பார்த்துவிட்டார். அக்காவுக்கும் பதில் சொல்ல ஏதாவது கிடைக்கும். "விலை?" என்று வந்தால் விலையைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

வாசகத்தைச் சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பூஸ்ட்டின் வாசகத்தை நினைத்தபோது மாற்ற முடியாது. நிறுத்திவிட்டு, திருத்தி, மறுபடி போட வேண்டும், மறுபடி பரிசீலனைக்குப் போகும். அதனால் ஒரே படத்தோடு இரண்டு போஸ்ட், ஒரே பகுதிக்கு, ஒரே தொகைக்கு, முதல் வரியை மட்டும் மாற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவேன். ஒரு நோட்டில் வந்தவர்களின் முதல் கேள்வியை எழுதிவைக்கச் சொல்வேன். அவ்வளவுதான். இது என்ன, விலை என்ன என்ற கேள்விகள் நின்று, கலர், கூரியர் நாள் என்று கேள்விகள் நகர்ந்திருந்தால் வாசகம் வேலை செய்கிறது. லைக் குறைந்திருக்கலாம், குறையும். கேள்வியும் நல்லது, மெசேஜும் வருகிறது, ஆனால் யாரும் வாங்கவில்லை என்றால் விலையைப் பார்க்க வேண்டும். மெசேஜே வரவில்லை என்றால் பெரும்பாலும் படம்தான் காரணம். கட்டை விரலை நிறுத்துவது படம், அது நிறுத்தாவிட்டால் என் வாசகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

சென்னைக்கு எழுதியதை ஈரோட்டுக்கு அப்படியே போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈரோட்டைச் சுற்றி 25 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் அங்கே இருப்பவர்களுக்கும் அக்காவைத் தெரியாதுதான். ஆனால் ஜமக்காளம் தெரியும். பிறந்ததிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு பேர் உட்காரலாம் என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குள்ள சந்தேகம் வேறு. இது கைத்தறியா, மெஷினில் ஓட்டியதா? கடைவீதியில் கிடைக்கிற விலையா, அதைவிடக் குறைவா? சீர் வைக்கிற அளவுக்கு நேர்த்தியாக இருக்குமா? அதனால் உள்ளூர் வாசகம் "தறி ஓடும்போதே வந்து பாருங்கள்" என்று தொடங்கி, தெருவையும், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையும் சொல்லி, விலைக்கு அடுத்தபடியாகக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதோடு நின்றது. கூரியர் பேச்சே இல்லை.

மண்டபத்துக்கு விரிக்கிற பெரிய ஜமக்காளத்துக்கும் இப்படிச் சென்னைக்குப் போடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அகலமான தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கொண்டுபோகும் நாடாவைக் கைமாற்றி நெய்கிற சரக்கு அது. ஆர்டர் வந்த பிறகுதான் தறியில் ஏறும், முன்பணம் வாங்க வேண்டும், விலையும் அதிகம். முதல் முறை பார்க்கிற ஒருவர் வாசகத்தைப் படித்துவிட்டு அவ்வளவு முன்பணம் கட்ட மாட்டார். 6×9 வாங்கிப் பயன்படுத்தியவருக்கு ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் அதைக் காட்டலாம். இப்போது பூஸ்ட் ஓடுவது கட்டி வைத்த 6×9 ஜமக்காளம் கையிருப்பில் இருக்கும் நாட்களில் மட்டும்தான். தீர்ந்ததும் மகன் நிறுத்திவிடுகிறார்.